காற்று சைபரான விடுமுறை

எங்கள் பிளான்ட்டில் கம்ப்யூட்டருக்கு இருந்த மரியாதை மனிதர்களுக்கு இருந்ததில்லை. வீரபாண்டிப் பக்கத்துச் சாயப்பட்டறைகள் கூட்டுச் சேர்ந்து கட்டிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அது. ஆபீஸில் ஏசி இருந்தது ஒரே ஒரு அறையில். அந்த அறையில் கம்ப்யூட்டர் குடியிருந்தது. மேனேஜர் அதன் குளிர்ச்சியில் ஒண்டிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆள். ஒயரிங் வேலையில் ஆரம்பித்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு. பட்டம் இல்லாததால் எனக்கு வைத்த பேர் "சிஸ்டம் பையன்". முப்பது தாண்டியும் பையன்தான்.

தொட்டிகளில் மாட்டிய கருவிகள் பத்து விநாடிக்கு ஒரு தரம் அளந்து சொல்லும். தண்ணீரின் காரம், அதாவது பி.எச்., எவ்வளவு, சூடு எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் வருகிறது, பெரிய தொட்டியில் கரைந்த காற்று எவ்வளவு. இந்தக் கடைசிக் கணக்குதான் உயிர்நாடி. அந்தத் தொட்டியில் சாயக் கழிவைத் தின்று வாழும் கோடிக்கணக்கான கிருமிகளை நாங்கள் செல்லமாகப் பூச்சி என்போம். ப்ளோயர் என்கிற ராட்சச ஊதல் மெசின் இரவு பகல் காற்றடித்தால்தான் பூச்சி பிழைக்கும். காற்று ரெண்டுக்குக் கீழே இறங்கினால் சுணங்கும். சைபரானால் சாகும்.

பத்து விநாடிக் கணக்கை அப்படியே சேர்த்துவைக்க எங்களுக்கு வசதி கிடையாது. சாப்ட்வேர் கம்பெனி போட்டுக்கொடுத்தது இனாம் டேட்டாபேஸ். இரண்டு ஜி.பி. நிரம்பியதும் வயிறு நிறைந்த மாப்பிள்ளை மாதிரி படுத்துவிடும். அதனால் மூன்று ஏற்பாடு. மணிக்கு ஒரு தரம் ஒரு வேலை ஓடும். முடிந்துபோன ஒரு மணி நேரத்துக் கணக்கையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து மணிப் பட்டியலில் ஒரே வரியாக எழுதும். நள்ளிரவு தாண்டியதும் இன்னொரு வேலை ஓடி, முடிந்த நாளின் மணி வரிகளைச் சேர்த்து நாள் பட்டியலில் ஒரு வரி எழுதும். மூன்றாவது வேலை சாயங்காலம் ஆறு மணிக்கு. ஒரு வாரத்துக்கு மேல் பழசான பத்து விநாடிக் கணக்கைத் தேதி பார்த்து அழிக்கும். மணி வரியும் நாள் வரியும் மட்டும் காலத்துக்கும் நிற்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சுருக்கி எழுதுகிறவனும் அழிக்கிறவனும் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி. ஒருவன் வேலையை முடித்தானா என்று மற்றவன் எட்டிப் பார்க்க மாட்டான். அழிக்கிறவனுக்குத் தேதி ஒன்றுதான் தெரியும்.

அந்த வருடம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. காலையில் பம்புக்கும் ப்ளோயருக்கும் ஸ்பேனர் செட்டுக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடிந்ததும் மேனேஜர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மானிட்டர் நெற்றியில் மூன்று விரல் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கீபோர்டு மேல் துளசியைப் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"கண்ணு, ஒயரப் புடுங்கிரு. மறுபூஜை போடற வரைக்கும் ஆயுதத்தத் தொடப்படாது."

"ஏனுங்க, ப்ளோயரும் ஆயுதந்தானுங்களே? அத மட்டும் ஓட்டறோமுங்க?"

"ப்ளோயர நிறுத்துனா பூச்சி செத்துப் போயிருமப்பா. கம்ப்யூட்டர நிறுத்துனா என்ன சாகுது?"

நியாயமான கேள்வி. பதில் அடுத்த வாரம் கிடைத்தது. சாகக் கிடந்தது ஒரு மனிதனின் வேலை.

ஒயரைப் பிடுங்கினேன். தொட்டி ஓரத்தில் கருவிகளின் அளவைக் குறித்துவைக்கிற லாகர் பெட்டிக்கு மட்டும் யாரும் பொட்டு வைக்க மறந்துவிட்டதால், அது பூஜை நடப்பதே தெரியாமல் பேட்டரியில் அளந்துகொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் கேட்காவிட்டாலும் பெட்டி தன் வயிற்றில் சேர்த்து வைத்திருக்கும். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் அந்தந்த நேரத்தைக் குறிப்பிட்டு மொத்தமாகக் கொட்டிவிடும்.

விடுமுறை டியூட்டி பார்த்தவர் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த ஆபரேட்டர். எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. வேதக்காரர். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் அவர் நிற்பார், கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் நிற்பார்கள். யாரும் எழுதிவைக்காத ஒப்பந்தம். பிளான்ட் காம்பவுண்டுக்குள்ளேயே ஓர் அறையும் சமையல்கட்டும் கொண்ட குவார்ட்டர்ஸில் மனைவியோடும் பத்தாவது படிக்கிற மகளோடும் இருந்தார். வேலை போனால் அந்த வீடும் போகும்.

வெள்ளிக்கிழமை காலை மறுபூஜை போட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பினோம். அன்றே பட்டறைகள் எல்லாம் திறந்து, பசியோடிருந்த தொட்டிக்கு விருந்து வைத்தன. திங்கட்கிழமை பெரிய தொட்டி நாறியது. பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டிய தண்ணீர் கருத்து, மேலே சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கி நின்றது. பூச்சி மொத்தமாக மண்டையைப் போட்டிருந்தது.

எங்கள் ஊரில் எது செத்தாலும் முதலில் கொன்றவனைத் தேடுவோம். எப்படிச் செத்தது என்பதைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். மேனேஜர் நாள் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்தார். புதன்கிழமை காற்று: சைபர். வியாழக்கிழமை காற்று: சைபர். கலர் கிராபில் சிவப்புக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. முடிந்தது வழக்கு. பூஜை டியூட்டியில் ஆபரேட்டர் ப்ளோயரை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடும், ஆளை அனுப்பிவிடலாம், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிடலாம். கமிட்டி கூடுவதற்கு முன்பே அவரிடம் சொல்லியும் விட்டார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இங்கே பிள்ளையாரையே கும்பிடாதவர் சிக்கிவிட்டார்.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சி ஏசி அறை வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார்.

"தம்பி, நான் ப்ளோயர நிறுத்தல. கரண்டு போன நேரமெல்லாம் ஜெனரேட்டர் போட்டு ஓட்டுனேன். ரெண்டு நாளும் கண்ண மூடல, பாத்துக்கிடுங்க. உங்க மிசின் ஏன் இப்படிச் சொல்லுது?"

"அண்ணாச்சி, நோட்டுல ஏதாச்சும் எழுதி வெச்சீங்களா?"

"நோட்டத்தான் கம்ப்யூட்டர் வந்தன்னைக்கே உங்க மேனேஜர் எடைக்குப் போட்டுட்டாரே."

ரிப்போர்ட்டை வாங்கி முழுசாகப் பார்த்தேன். அதுவரை எல்லோரும் காற்றுக் கட்டத்தை மட்டுந்தான் பார்த்திருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தில் தண்ணீரின் சூடும் சைபர். அதாவது வீரபாண்டியில் ஐஸ் கட்டியிருக்கிறது. அதற்கடுத்த காரக் கணக்கும் சைபர். அதாவது தொட்டி நிறையக் கொடூரமான அமிலம். அமிலம் ஐஸாக உறைந்து, பக்கத்தில் அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மேனேஜர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புதன் மதியத்திலிருந்து வெள்ளி காலை வரை கம்ப்யூட்டர் தூக்கம். சுருக்குகிற வேலைகள் ஓடவே இல்லை. வெள்ளிக்கிழமை பெட்டி கொட்டிய பழைய கணக்கெல்லாம் பத்து விநாடிப் பட்டியலில் போய்ச் சேர்ந்தது உண்மைதான். ஆனால் மணி வேலை, இப்போது முடிந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பார்க்கும். லேட்டாக வந்தவனுக்குப் பந்தியில் இலை கிடையாது. நாள் வேலையும் நேற்றை மட்டும் பார்க்கும். ஆக அந்த இரண்டு நாளுக்கு நாள் வரியே இல்லை. ரிப்போர்ட்டு போடுகிற புண்ணியவான் 'வரி இல்லை' என்று எழுத வெட்கப்பட்டு சைபர் என்று போட்டுவிட்டான்.

பத்து விநாடிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். புதன், வியாழன் இரண்டும் முழுசாக இருந்தன. காற்று இரண்டரை, இரண்டே முக்கால். இடையிடையே கரண்ட் போன இடத்தில் சின்னச் சறுக்கல், ஜெனரேட்டர் வந்ததும் ஏற்றம். ஒரு மனிதன் கண் விழித்த தடம் அப்படியே கிடந்தது.

சந்தோஷப்பட நேரமில்லை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போன புதன்கிழமையின் முறை. ஒரு வாரம் தாண்டியது அழியும். மறுநாள் ஆறு மணிக்கு வியாழன். கமிட்டி கூடும்போது அண்ணாச்சியின் ஒரு நாள் போயிருக்கும், அடுத்த நாள் போய்க்கொண்டிருக்கும்.

ஒயரைப் பிடுங்கலாம். ஆனால் அது தள்ளிப்போடலே தவிர தப்பித்தல் இல்லை. அடுத்து எப்போது ஓடினாலும் தேதி பார்த்து மொத்தமாகச் சேர்த்து அழிக்கும். நானே காப்பி எடுக்கலாம். சிஸ்டம் பையன் தட்டிய காகிதத்தைக் கமிட்டி வடை மடிக்கத்தான் வைத்துக்கொள்ளும். பிளான்ட் முத்திரையோடு, கலர் கிராபோடு ரிப்போர்ட்டே மாற வேண்டும்.

கோயமுத்தூரில் இருந்த சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தவனுக்கு என்னைவிட வயது குறைவு, சலிப்பு மட்டும் அதிகம்.

"சார், மிஸ் ஆன மணியத் திரும்ப ஓட்டறதுக்கு அட்மின் மெனுவுல ஒரு பட்டன் இருக்கு. மணிய முதல்ல ஓட்டுங்க, அது முடிஞ்சதும் நாள் வேலைய ஓட்டுங்க. மாத்தி ஓட்டுனா நாளுக்குத் திரும்பக் காலிதான் வரும்."

"ஆறு மணிக்கு அழிஞ்சதுக்கப்பறம் ஓட்டுனா என்னங்க ஆகும்?"

"மூலமே இல்லாம எதச் சார் கூட்டறது? இருக்கற மணி வரியையும் அழிச்சுட்டுக் காலி எழுதும். அப்புறம் எங்களத் திட்டக்கூடாது."

"ஏனுங்க, அழிக்கறதுக்கு முன்னாடி சுருக்கியாச்சான்னு பாக்கற மாதிரி வெச்சிருக்கலாமுங்களே?"

"சார், கம்ப்யூட்டர யாரு சார் ரெண்டு நாள் ஆப் பண்ணுவாங்க?"

"நாங்க பண்ணுவமுங்க. சந்தனம் வெச்சு."

அவன் போனை வைத்துவிட்டான்.

அட்மின் மெனுவுக்குப் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு மேனேஜர் மனசுக்குள். அவர் ஒரு பட்டறைக்குப் போய்விட்டு மதியச் சாப்பாடும் முடித்துவிட்டுத்தான் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஐஸ் கட்டிய கதையையும் சொன்னேன். ரிப்போர்ட்டை உற்றுப் பார்த்தார்.

"லீவு நாளுப்பா. மத்த கருவியெல்லாம் ஓய்வுல இருந்திருக்கும்."

"ஓய்வுல இருந்தா அது அளக்கலீன்னு அர்த்தமுங்க. காத்துக் கருவியும் அதே பொட்டியிலதானுங்க இருக்குது."

இதைத் தலைக்குள் இறக்கச் சற்று நேரம் ஆனது. இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலம். மூணு மணி வரைக்கும் கம்ப்யூட்டரத் தொடப்படாது."

"அஞ்சு நிமிச வேலையுங்க."

"அஞ்சு நிமிசமோ அம்பது நிமிசமோ. ஏற்கெனவே பூச்சி செத்துக் கெடக்குது. இன்னும் எதையாச்சும் சாகடிக்கோணுமா?"

உட்கார்ந்தோம். மூன்று மணி வரை ராகுவோடு சேர்ந்து ஏசிக் காற்று வாங்கினோம். அண்ணாச்சி உள்ளே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே பம்பைத் துடைக்கிற மாதிரி நின்றிருந்தார். அந்தப் பம்பு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. கரண்ட் போனால் ஆறு மணி அழிப்பாவது தள்ளிப்போகுமே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வருடம் முழுக்க நேரம் காலமில்லாமல் பிடுங்குகிற கரண்ட், அன்றைக்குப் பார்த்து உள்ளூர்ப் பதிவிரதை மாதிரி நின்றது.

மூன்று அடித்தது. மேனேஜர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டைத் தட்டினார். இரண்டு விரலால் முருகன் பேரைத்தான் தட்டுகிறார் என்பது பிளான்ட் முழுக்கத் தெரிந்த ரகசியம். பிறகு மவுஸை என்னிடம் கொடுக்காமல் அவரே பிடித்துக்கொண்டார்.

"நாள்தானே வேணும், நேரா நாளையே ஓட்டிரலாமே?"

"வேண்டாமுங்க! மணிதானுங்க மொதல்ல. மாவு அரைக்காம இட்லிச் சட்டிய அடுப்புல வெச்சா ஆவிதானுங்க வரும்."

சமையல் உவமை அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. புதன், வியாழன் தேதி போட்டு மணி பட்டனை அமுக்கினார். அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு மணியாக எடுத்து, ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சி விசாரிக்கிற நிதானத்தில் கூட்டிக்கொண்டிருந்தது. திரையில் நீலப் பட்டை நகர்வதும் தெரியவில்லை, நிற்பதும் தெரியவில்லை. மேனேஜர் இரண்டு தரம் "தொங்கிருச்சாட்ட இருக்குது, ஆப் பண்ணிப் போட்டுரலாமா?" என்றார். நான் இரண்டு தரம் அவருக்கு டீ சொன்னேன்.

ஐந்தரைக்கு மேல் மணி முடிந்தது. அடுத்து நாள் பட்டனை அமுக்கினோம். அது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. சராசரியின் சராசரிக்கு என்ன பெரிய வேலை? ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்ததும் சிவப்புக் கோடு தரையிலிருந்து எழுந்து நின்றது. புதன் காற்று இரண்டு புள்ளி ஆறு. வியாழன் இரண்டு புள்ளி நாலு. ஐஸும் உருகியிருந்தது. ஆறு மணிக்கு அழிக்கிறவன் வந்து, போன புதனைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனான். இனி அவன் எதை எடுத்தாலும் அண்ணாச்சிக்குக் கவலையில்லை.

பிரிண்டை அவரிடம் காட்டினேன். கை ஈரத்தைப் பேண்ட்டில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். வெகு நேரம் பார்த்தார்.

"இதுல நான் முழிச்சிருந்தது தெரியுதா தம்பி?"

"தெரியுதுங்க அண்ணாச்சி."

"அப்ப வீட்டுல சாமான் கட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்."

எனக்கு அத்தோடு நிற்கத் தெரியவில்லை. அவர் கொல்லவில்லை என்றால் பூச்சி எப்படிச் செத்தது? பட்டறைகள் திறந்த வெள்ளிக்கிழமையின் பத்து விநாடிக் கணக்கை எடுத்தேன். முற்பகலில் தெற்கு லைன் குழாயில் வந்த தண்ணீரின் காரம் ஒரு கால் மணி நேரத்துக்கு மலை மாதிரி ஏறி நின்றது. எந்தப் பட்டறையோ பூஜைக்கு முன் தேங்கிய பிளீச்சிங் தண்ணியை ஒரே மூச்சில் திறந்துவிட்டிருக்கிறது. பூச்சிக்கு அதைவிட நல்ல விஷம் கிடையாது. அதே நேரத்து மணி வரியைப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நாள் வரியில் ஒன்றுமே இல்லை, அருமையான தண்ணீர். எங்கள் பட்டியலில் சராசரி மட்டும் உண்டு, உச்சம் எவ்வளவு என்று ஒரு கட்டம் கிடையாது. அண்டா நிறையத் தயிர்ச்சோறு, ஒருவன் வாயில் மட்டும் மொத்த மிளகாயும். சராசரி பார்த்தால் பந்தி பிரமாதம்.

மறுநாள் கமிட்டி கூடியது. தலைவர் பெரிய பட்டறைக்காரர், தங்கமான மனிதர். எல்லோரையும் கண்ணு என்பார், யார் சொன்னதையும் கேட்க மாட்டார். மேனேஜர் புது ரிப்போர்ட்டை நீட்டி, தானே ராத்திரி பகலாக ஆராய்ந்து கண்டுபிடித்த கதையைச் சொன்னார். ராகு காலத்தை மட்டும் சுருக்கி அழித்துவிட்டார்.

"அப்ப ஆபரேட்டர் மேல தப்பில்லீங்களா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க. ப்ளோயர் ஓடியிருக்குதுங்க."

"ரொம்பச் சந்தோசம். அப்ப யார் மேலயும் தப்பில்ல."

நான் வாயைத் திறந்தேன். "ஏனுங்க, தொறந்த வெள்ளிக்கெழம காலைல காரம் ஏறியிருக்குதுங்க. தெக்கு லைன்ல வந்த தண்ணியுங்க. பத்து விநாடிக் கணக்கு இன்னும் இருக்குதுங்க. நாளைக்கு ஆறு மணியோட போயிரும்."

தெற்கு லைனில் மூன்று பட்டறைகள். ஒன்று தலைவருடையது. இன்னொன்று அவர் மச்சானுடையது. மூன்றாவதன் சொந்தக்காரர் அன்றைய கூட்டத்துக்கு வடை வாங்கிக்கொடுத்தவர்.

தலைவர் என்னைக் கனிவாகப் பார்த்தார்.

"கண்ணு, நாள் ரிப்போர்ட்டுல என்ன இருக்குது?"

"சராசரியாத்தானுங்க இருக்குது."

"பொறவென்ன? பழசக் கெளறப்படாதுன்னுதானே மிசினே அழிக்குது. மிசினுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரிய வேண்டாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சற்று அதிகமாகவே சிரித்தார். "நீண்ட விடுமுறை காரணமாக நுண்ணுயிர்களுக்கு ஏற்பட்ட சோர்வு" என்று தீர்மானம் எழுதினார்கள். பூச்சிக்கும் பூஜைக்கு ஊருக்குப் போய்வந்த அலுப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரத்தைச் சிடியில் எழுதிவைக்க ஆசை. வெற்று சிடி மேசை மேலேயே கிடந்தது. அண்ணாச்சி வந்தார். இந்த முறை செருப்போடு உள்ளே வந்தார். சிடியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"அது எதுக்கு தம்பி?"

"நாளைக்கு மறுபடியும் யாராச்சும் தெறந்து உட்டா, முன்னாடியும் இப்பிடி ஆச்சுன்னு காட்டலாமுங்களே."

"காட்டுவீரு. தலைவருக்குக் கோவம் வரும். உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாவ, கம்ப்யூட்டரப் பாக்க ஆளு வேணும். காரம் ஏறுன அன்னைக்கு டியூட்டி பாத்தது யாருன்னு கேப்பாவ. நாந்தான்."

நான் அதை யோசிக்கவே இல்லை. பூஜை டியூட்டி முடிந்ததும் வெள்ளிக்கிழமை பகலுக்கும் மனுஷன்தான் நின்றிருக்கிறார்.

"காரத் தண்ணி வந்தப்ப ஏன் அண்ணாச்சி நீங்க வால்வ மூடல?"

"மூடுனா எந்தப் பட்டறைத் தண்ணிய நிறுத்துனன்னு கேப்பாவ. தொறந்து கெடந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. எம்மவ பரீட்சை எழுதட்டும் தம்பி."

சிடியை மேசை இழுப்பறையில் போட்டேன். ஆறு மணியானது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அழிக்கிறவன் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"வாரும்," என்றார். "சேவூர்லேர்ந்து சாணி வந்துட்டு. மேனேஜர் பில்லுல கையெழுத்துப் போட்டதோட சரி, டெம்போவ விட்டு இறக்க ஆளில்ல."

வெளியே டெம்போ நின்றிருந்தது. செத்த தொட்டிக்குப் புதுப் பூச்சி வளர்க்கச் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த பிளான்ட்டைக் கடைசியில் காப்பாற்றுவது மாடுதான். டிரைவர் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, "ஏனுங்க, இது உங்க தொட்டிய விட வாசமா இருக்குதுங்க" என்றான். அண்ணாச்சி சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார். ட்ரம்மில் சாணியும் தண்ணியும் கலக்கி நான் தூக்கிக்கொடுக்க, அவர் வாங்கி ப்ளோயர் குமிழி விடுகிற இடமாகப் பார்த்து ஊற்றினார். குவார்ட்டர்ஸில் அவர் மனைவி, பாதி கட்டிவைத்திருந்த சாமான் மூட்டையை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. தகரமும் எவர்சில்வரும் ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கிற சத்தம்.

"மெதுவா வையி, நசுங்கிரும்!" என்று அண்ணாச்சி அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"உங்க சோலியப் பாரும்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.